ஏற்றமுள்ள தினசரிப் பாதைக்கு மின்சைக்கிளின் உதவி நிலையைத் தேர்ந்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மின்சைக்கிளில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கின்றன. எண்ணைக் கூட்டினால் உண்மையில் எது கூடுகிறது?

எல்லா மின்சைக்கிள்களிலும் அந்த எண் ஒரே பொருளைத் தருவதில்லை. ஏற்றத்தில் ஏற்படும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயம் தெரியாததால் வருபவை என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் கண்ட்ரோலர் என்ற பெட்டிதான் மோட்டாருக்கு எவ்வளவு மின்னோட்டம் போகவேண்டும் என்பதை நொடிக்கு நொடி முடிவுசெய்கிறது. நீங்கள் கைப்பிடியில் தேர்ந்தெடுக்கும் நிலை, அந்த முடிவுக்கு ஒரு வரம்பை மட்டுமே கொடுக்கிறது. அந்த வரம்பு மூன்று விதமாக இருக்கலாம்.

முதல் விதத்தில் நிலை என்பது ஒரு வேக இலக்கு. நிலை 1 என்றால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வேகம், நிலை 3 என்றால் 18 போல, நிலை 5 என்றால் 25 என்று வைத்திருப்பார்கள். அந்த வேகத்தை எட்டும்வரை கண்ட்ரோலர் தன்னால் முடிந்த அளவு மின்னோட்டத்தைத் தருகிறது, எட்டியதும் நிறுத்திக்கொள்கிறது. இரண்டாவது விதத்தில் நிலை என்பது மின்னோட்டத்தின் ஒரு பங்கு. கண்ட்ரோலரின் உச்ச அளவு 15 ஆம்பியர் என்றால், நிலை 1-இல் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகிலும், நிலை 3-இல் பாதியைச் சற்றே தாண்டியும், நிலை 5-இல் முழுவதும் கிடைக்கும். இந்த இரண்டு விதங்களிலும் நீங்கள் பெடலைச் சுழற்றுகிறீர்களா இல்லையா என்பதை மட்டுமே சென்சார் பார்க்கிறது. எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. மூன்றாவது விதத்தில் மிதியின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கும். அதில் நிலை என்பது ஒரு பெருக்கல் எண்: உங்கள் கால் தரும் விசைக்கு இத்தனை மடங்கு மோட்டார் தரவேண்டும் என்பது அதன் பொருள்.

ஆகவே நண்பர் ஒருவர் தமது சைக்கிளில் ஏற்றத்துக்கு நிலை 2 போதும் என்று சொன்னால், அது உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். அவருடையது முதல் விதமாகவும் உங்களுடையது இரண்டாவது விதமாகவும் இருந்தால், அதே 2 அவருக்கு முழு விசையையும் உங்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கையும் தந்துகொண்டிருக்கும்.

என்னுடையது இந்த மூன்றில் எது என்று கடைக்காரரிடம் கேட்காமல் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். கூட்டமில்லாத ஒரு சைக்கிள் பாதையில் பத்து நிமிடம் போதும்.

முதலில் சமதளத்தில் நிலை 1-ஐ வைத்து, அதிக அழுத்தம் கொடுக்காமல் பெடலைச் சீராகச் சுழற்றுங்கள். வேகம் 12 அல்லது 13-ஐ எட்டியதும் மோட்டாரின் தள்ளுதல் சட்டென்று மறைந்து, அதற்குமேல் உங்கள் காலின் வேலை மட்டுமே நிற்கிறது என்றால், அது வேக இலக்கு வகை. அதே சைக்கிளை அதே நிலை 1-இல் ஓர் ஏற்றத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். வேகம் இலக்குக்குக் கீழே இருப்பதால் மோட்டார் முழு மூச்சோடு தள்ளும். திரையில் திறனைக் காட்டும் கோடுகள் இருந்தால் அவை நிரம்பியிருப்பதைக் காணலாம்.

நிலை 1-இல் தள்ளுதல் மெலிதாக இருந்தாலும் 20-ஐக் கடந்தும் தொடர்கிறது, ஏற்றத்திலும் அதே மெலிதான அளவிலேயே நிற்கிறது என்றால், அது மின்னோட்டப் பங்கு வகை. பெடலை வெறுமனே சுழற்றும்போது ஏதும் நடக்காமல், அழுத்தி மிதித்த அந்தக் கணமே தள்ளுதல் கூடுகிறது என்றால், அழுத்தத்தை அளக்கும் வகை.

நிலை 5-இல் வைத்தாலும் 25-க்கு மேல் மோட்டார் தள்ளவில்லை. பழுதா?

பழுது இல்லை, அப்படித்தான் இருக்கவேண்டும். சிங்கப்பூரில் அனுமதிக்கப்படும் மின்சைக்கிள், பெடல் சுழலும்போது மட்டுமே மோட்டாரை இயக்கவேண்டும். வேகம் கூடக்கூட உதவி படிப்படியாகக் குறைந்து, 25 கிலோமீட்டரில் நின்றுவிடவேண்டும். மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டையும், சைக்கிளின் எடை 20 கிலோகிராமையும் தாண்டக்கூடாது. எனவே உயர்ந்த நிலை உங்களுக்குக் கூடுதல் உச்ச வேகத்தைத் தரப்போவதில்லை. அது பயன்படும் இடம் 25-க்குக் கீழே, குறிப்பாக 10-க்கும் 18-க்கும் இடைப்பட்ட ஏற்ற வேகங்களில்.

புக்கிட் பாத்தோக்கில் வீடு, ஜூரோங் பக்கம் வேலை. காலையில் பெரும்பாலும் இறக்கம், மாலையில் வீட்டுக்கு வரும்போது ஏற்றம். பேட்டரியை மிச்சம் பிடிக்க ஏற்றத்தில் நிலை 1-இல் வைத்து மெதுவாக ஏறுகிறேன், சமதளத்தில் 5-இல் போகிறேன். சரியா?

இதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

உங்கள் எடை 75 கிலோகிராம், சைக்கிள் 20, பை 5 என்று மொத்தம் 100 கிலோகிராம் என வைத்துக்கொள்வோம். ஏற்றம் 500 மீட்டர் நீளத்தில் 25 மீட்டர் உயர்கிறது, அதாவது நூற்றுக்கு ஐந்து என்ற சாய்வு. நூறு கிலோகிராமை 25 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 7 வாட்-மணி ஆற்றல் வேண்டும். வேகமாக ஏறினாலும் மெதுவாக ஏறினாலும் இந்த 7 மாறாது.

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 2 நிமிடம் ஆகிறது. உயர்த்துவதற்கான திறனோடு டயரின் உராய்வையும் காற்றின் தடையையும் சேர்த்தால், மொத்தம் 260 வாட் அளவில் தேவைப்படும். வியர்த்துக் களைக்காமல் ஓர் ஆள் மிதிக்கும் அளவு 100 வாட் என்று கொண்டால், மோட்டார் தரவேண்டியது 160 வாட். மோட்டாரில் வீணாகும் பங்கையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து 210 முதல் 220 வாட் வரை எடுக்கப்படும். 36 வோல்ட் பேட்டரியில் அது 6 ஆம்பியர். இரண்டு நிமிடத்துக்கு இதன் செலவு 7 வாட்-மணிதான். உங்கள் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் அதில் 360 வாட்-மணி இருக்கிறது. ஆக, நீங்கள் அஞ்சும் அந்த ஏற்றம் பேட்டரியில் நூற்றில் இரண்டு பங்கை மட்டுமே எடுக்கிறது.

இப்போது சமதளத்தைப் பாருங்கள். 24, 25 வேகத்தை நிலை 5-இல் பிடித்துக்கொண்டு போகும்போது தேவைப்படும் 170 வாட் அளவில் பெரும்பகுதியைக் காற்றுத் தடை தின்கிறது. அதில் மோட்டார் 100 வாட் தருகிறது என்றால், 6 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 30 வாட்-மணி போய்விடும். அதே தொலைவை 18 வேகத்தில் ஓட்டினால் தேவையே 85 வாட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பெரும்பாலானதை உங்கள் காலே தரும். மோட்டாரின் செலவு முன்னதில் பாதிக்கும் கீழே வந்துவிடும். நேரத்தில் நீங்கள் இழப்பது ஐந்து நிமிடம். மிச்சம் பிடிக்கவேண்டிய இடம் சமதளம். செலவிடவேண்டிய இடம் ஏற்றம்.

எனவே மின்னோட்டப் பங்கு வகைச் சைக்கிளில், உச்சம் 15 ஆம்பியர் என்றால், மேற்சொன்ன ஏற்றத்துக்குத் தேவையான 6 ஆம்பியர் நிலை 2-க்கும் 3-க்கும் இடையில் விழுகிறது. சமதளத்தில் நிலை 1 அல்லது 2-இல் ஓட்டி, ஏற்றத்தின் அடிவாரம் வருவதற்கு முன்பே, வேகம் இன்னும் 18-க்கு அருகில் இருக்கும்போதே, 3-க்கு மாற்றுங்கள். உச்சிக்கு வந்ததும் மறக்காமல் இறக்கிவிடுங்கள். வேக இலக்கு வகையில், ஏறும்போது நீங்கள் விரும்பும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலான இலக்குள்ள நிலையைத் தேர்ந்தெடுத்தால் போதும். 15 வேண்டுமென்றால் 18-ஐ இலக்காகக் கொண்ட நிலை. 12-ஐ இலக்காகக் கொண்ட நிலை 1-இல் ஏறினால் மோட்டார் உங்களை 12 வரை இழுத்துவிட்டு நிற்கும், வேகம் இறங்கும், மீண்டும் இழுக்கும். அந்த விட்டுவிட்டு இழுக்கும் உணர்வைச் சிலர் கோளாறு என்று நினைத்துப் பழுதுபார்க்கக் கொண்டுசெல்கிறார்கள்.

மெதுவாக ஏறினால் மோட்டாருக்கு நல்லதுதானே? பாவம், அதுவும் கஷ்டப்படுகிறதே என்று நினைத்தேன்.

மோட்டாரைக் காக்கவேண்டும் என்ற உங்கள் அக்கறை நல்லதே. ஆனால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மோட்டாருக்கு மெதுவான ஏற்றம்தான் மிகக் கடினமான வேலை.

சைக்கிளின் கியரை மாற்றினால் உங்கள் கால் இலகுவாகிறது. ஹப் மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. அது சக்கரத்தோடு கட்டப்பட்டிருப்பதால், சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகவே சுற்றும். மோட்டாரின் கம்பிச் சுருளில் உண்டாகும் வெப்பம், அது தரும் திறனைப் பொறுத்ததன்று. அது தரும் விசையைப் பொறுத்தது. விசை இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் 6, 7-க்கு இறங்கி, நிலை 5-இல் மோட்டார் முக்கிக்கொண்டிருக்கும்போது, பேட்டரியிலிருந்து வரும் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்டது சக்கரத்துக்குப் போகாமல் வெப்பமாகிவிடலாம். 15 வேகத்தில் அதே மோட்டார் நான்கில் மூன்று பங்கைச் சக்கரத்துக்குத் தந்துகொண்டிருந்தது.

ஆகவே ஏற்றம் கடுமையாகும்போது முதலில் கியரை இலகுவாக்கி, நிமிடத்துக்கு 60, 70 சுற்று என்ற அளவில் காலைச் சுழற்றுங்கள். அதற்குப் பிறகும் வேகம் 12-க்குக் கீழே இறங்கினால் நிலையைக் கூட்டுங்கள். நிலையை மட்டும் கூட்டிக் கனமான கியரிலேயே முட்டிக்கொண்டிருந்தால் உங்கள் பங்கு குறைந்து மோட்டாரின் பங்கு வளர்ந்துவிடும். நிலை 5-இலும் வேகம் 8-ஐத் தாண்டாத இடம் உங்கள் பாதையில் இருந்தால், அது அந்த மோட்டாருக்குப் பொருந்தாத சாய்வு. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் குறையொன்றும் இல்லை.

பெடல் பொருத்தப்பட்ட இடத்திலேயே மோட்டார் இருக்கும் வகைக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதன் விசை செயின் வழியாகவே போவதால், கியரைக் குறைத்தால் மோட்டாரும் இலகுவாகச் சுற்றும்.

நம் ஊரின் வெப்பத்தில் எச்சரிக்கை அடையாளங்களையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒரே ஏற்றத்தில் வழக்கத்தைவிடத் தள்ளுதல் மெலிந்துகொண்டே போவது, எரிந்த வார்னிஷ் போன்ற வாடை, ஹப்பின் உள்ளே பல் அரைபடும் ஒலி ஆகியவை தென்பட்டால், அங்கேயே நிறுத்தி ஆறவிடுங்கள். சிறிய ஹப் மோட்டார்கள் பலவற்றின் உள்ளே நைலான் பற்சக்கரங்கள் இருக்கின்றன. வெப்பத்தில் முதலில் மென்மையாகித் தேய்வது அவைதான்.

250 வாட் என்று எழுதியிருக்கிறது, ஆனால் திரை 400-க்கு மேல் காட்டுகிறது. சட்டவிரோதமான சைக்கிளை விற்றுவிட்டார்களா?

அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படி முடிவுசெய்ய முடியாது. 250 வாட் என்பது, அளவுக்கு மீறிச் சூடாகாமல் மோட்டார் தொடர்ந்து தரக்கூடிய திறன். திரை காட்டுவது பேட்டரியிலிருந்து அந்தக் கணத்தில் எடுக்கப்படும் அளவு. புறப்படும்போதும் சிறிய ஏற்றத்திலும் அது சில நொடிகளோ ஒரு நிமிடமோ அதைத் தாண்டுவது இயல்பு. அதில் ஒரு பங்கு வெப்பமாகவும் போகிறது. நீங்கள் உறுதிப்படுத்திக்கொள்ளவேண்டியது வேறு: நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு நிற ஒப்புதல் முத்திரை சைக்கிளில் இருக்கிறதா, பதிவு எண் தகடு உங்கள் பெயரிலான பதிவோடு பொருந்துகிறதா என்பவை.

பேட்டரி இன்னும் இரண்டு கோடு காட்டியபோதே, ஏற்றத்தின் நடுவில் திரை அணைந்துவிட்டது. சமதளத்துக்கு வந்து மறுபடி போட்டால் வேலை செய்கிறது. ஏன்?

எனக்கும் இது ஒருமுறை நேர்ந்தது, அதுவும் மழைக்கு முந்தி வீட்டுக்குப் போய்விடவேண்டும் என்று நிலை 5-இல் விரட்டிக்கொண்டிருந்த மாலையில். பேட்டரியிலிருந்து அதிக மின்னோட்டம் எடுக்கப்படும்போது அதன் மின்னழுத்தம் தற்காலிகமாகத் தாழும். சுமை நீங்கியதும் திரும்ப ஏறும். 36 வோல்ட் பேட்டரி முழுதாக நிரம்பியபோது 42 வோல்ட் காட்டும். அது ஏறத்தாழ 30, 31-க்கு இறங்கியதும் கண்ட்ரோலர் உதவியை நிறுத்திவிடும் அல்லது பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று எல்லாவற்றையும் துண்டித்துவிடும். பேட்டரி 34 வோல்ட்டில் ஓய்வாக இருக்கும்போது இரண்டு கோடு காட்டலாம். நிலை 5-இல் ஏற்றத்தில் அதிலிருந்து 3 வோல்ட்டுக்கு மேல் தாழ்ந்தால் எல்லை வந்துவிட்டது. பழைய பேட்டரியில் இந்தத் தாழ்வு இன்னும் அதிகம்.

அப்படி ஆகும்போது நிலையைக் குறைப்பதுதான் வழி. நிலை 2-இல், இலகுவான கியரில் ஏறினால், மீதமிருக்கும் ஆற்றலைக் கடைசிவரை பயன்படுத்த முடியும். மாலையில்தான் ஏற்றம் என்றால், காலையில் எவ்வளவு மிச்சம் வைக்கிறீர்கள் என்பது முக்கியம். சமதளத்தில் நிலை 5-ஐத் தவிர்க்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். முழுதாக மின்னேற்றிய அன்றும் இப்படி அணைகிறது என்றால், பேட்டரி இணைப்பு முனைகள் கருத்துத் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவை நன்றாக இருந்தால் பேட்டரியின் செல்கள் சமநிலை இழந்திருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் நீங்களே இறங்கவேண்டாம்.

திரையில் P என்று தொடங்கும் எண்கள் வருகின்றன. காணொளி பார்த்து மாற்றினால் ஏற்றத்தில் இன்னும் நன்றாக இழுக்கும் என்கிறார்கள். மாற்றலாமா?

மாற்றாதீர்கள் என்றே சொல்வேன். இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, அந்த எண்கள் எல்லாத் திரைகளுக்கும் பொதுவானவை அல்ல. ஒரு வகைத் திரையில் `P3` என்பது, நிலை வேக இலக்காக இயங்கவேண்டுமா விசை போல இயங்கவேண்டுமா என்பதைக் குறிக்கிறது. பரவலாக விற்கும் இன்னொரு வகையில் `P03` என்பது பேட்டரியின் மின்னழுத்தம். முதல் திரைக்கான காணொளியைப் பார்த்து இரண்டாவது திரையில் கைவைத்தால், பேட்டரி எப்போது தீர்ந்தது என்ற கணக்கே தவறாகிவிடும். இரண்டாவது வகையில் `P06` சக்கர அளவு, `P08` வேக வரம்பு, `P14` மின்னோட்ட வரம்பு. உங்கள் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே உங்களுக்கு உண்மை.

மற்றொன்று, இன்னும் முக்கியமானது. உங்கள் சைக்கிளுக்கு முத்திரை கிடைத்தது அந்த அமைப்புகளோடுதான். வேக வரம்பைத் தளர்த்துவதும், பெடல் சுழலாமலே ஓடும்படி த்ராட்டில் சேர்ப்பதும் சட்டவிரோத மாற்றங்கள். கருவி பறிமுதல் செய்யப்படலாம், அபராதமும் சிறையும்கூட விதிக்கப்படலாம். மின்னோட்ட வரம்பைக் கூட்டுவது, அந்தக் கம்பிகளும் பேட்டரியும் தாங்கும் அளவைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஒப்பானது. அடுக்குமாடி வீட்டின் கதவோரத்தில் மின்னேற்றும் பேட்டரியில் அந்தச் சோதனை வேண்டாம். திரையின் வெளிச்சம், தானாக அணையும் நேரம் போன்றவற்றை மாற்றுவதில் தடையில்லை. ஏற்றத்துக்குத் தேவையான அனைத்தும் நிலை பொத்தானிலும் கியரிலுமே இருக்கின்றன.

பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். 19-ஐத் தாண்டினாலே உதவி நின்றுவிடுகிறது என்று கைப்பேசி காட்டுகிறது, ஆனால் சைக்கிளின் திரையில் 25 என்று வருகிறது.

சக்கர அளவு தவறாகப் பதிவாகியிருக்கிறது. எங்கள் புளோக்கில் ஓர் அண்ணன் இதே குறையோடு வந்தார். அவருடைய சக்கரம் 20 அங்குலம். அமைப்பிலோ 26 என்று இருந்தது. சக்கரம் ஒருமுறை சுற்றினால் கண்ட்ரோலர் உண்மையைவிட நீளமான தொலைவைக் கணக்கிடுகிறது. அதனால் உண்மை வேகம் 19 ஆகும்போதே 25 வந்துவிட்டதாக நினைத்து நிறுத்திக்கொள்கிறது. ஏற்றத்துக்குமுன் வேகம் சேர்த்துக்கொள்ள முடியாமல் அவர் நெடுநாள் அவதிப்பட்டிருக்கிறார்.

இதற்கு நேரெதிரான நிலையும் உண்டு, அதுதான் ஆபத்தானது. 20 அங்குலச் சக்கரத்துக்கு 16 என்று பதிந்திருந்தால், உண்மை வேகம் 31 ஆகும்வரை உதவி நிற்காது. முன்னைய உரிமையாளர் செய்ததாக இருந்தாலும், ஓட்டுபவர் நீங்கள். கைப்பேசியின் வேகமும் திரையின் வேகமும் ஒன்றோ இரண்டோ கிலோமீட்டருக்கு மேல் விலகினால், அனுமதி பெற்ற விற்பனைக் கடையில் காட்டி, சக்கரத்தின் உண்மையான அளவுக்கே திருத்திக்கொள்ளுங்கள். வேகத்தை அறியும் காந்தங்களின் எண்ணிக்கை தவறாகப் பதிந்திருந்தாலும் இதே விலகல் வரும் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள்.

ஏற்றத்தில் சிவப்பு விளக்குக்கு நின்றுவிட்டுப் புறப்படும்போது உதவி தாமதமாக வருகிறது. பின்னால் பேருந்து நிற்கும்போது பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. மின்சைக்கிளை நடைபாதையில் ஓட்ட அனுமதி இல்லாததால், சைக்கிள் பாதை இல்லாத ஏற்றங்களில் சாலையின் இடது ஓரம்தான் உங்களுக்கு உரிய இடம். அங்கே தள்ளாடிப் புறப்படுவது யாருக்கும் நல்லதன்று.

பெடல் சுழல்வதை மட்டும் பார்க்கும் சென்சாரில், கிரேங்கோடு சுற்றும் ஒரு வட்டில் பல காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கும். சில காந்தங்கள் கடந்த பிறகே கண்ட்ரோலர் மோட்டாரை எழுப்பும். கால் சுற்றோ அரைச் சுற்றோ உங்கள் காலால் மட்டுமே நகரவேண்டும். கனமான கியரில் நின்றிருந்தால் அந்த அரைச் சுற்றே மலையாகிவிடும். ஆகவே விளக்கை நெருங்கும்போதே, சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கையிலேயே, இலகுவான கியருக்கு வந்துவிடுங்கள். நின்றபின் வலிமையான காலின் பெடலை, கடிகாரத்தின் 2 மணி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கைப் பிடித்தபடி மிதிக்கவேண்டாம். பல சைக்கிள்களில் பிரேக் கைப்பிடியைத் தொட்டாலே மோட்டார் துண்டிக்கப்படும், விட்டபின்தான் காந்தங்களை மறுபடி எண்ணத் தொடங்கும்.

நிலையை இங்கே 5-க்கு உயர்த்துவது தாமதத்தைக் குறைக்காது. தாமதத்துக்குப்பின் வரும் தள்ளுதலைத்தான் பெரிதாக்கும். அது திடீரென்று வரும்போது கைப்பிடி வசப்படாமல் போகலாம். 3 போதும்.

மழை நேரத்தில் ஏற்றத்தில் முன்சக்கரம் வழுக்குகிறது. டயரை மாற்றவேண்டுமா?

உங்கள் மோட்டார் முன்சக்கரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்றத்தில் உங்கள் எடை பின்சக்கரத்துக்குச் சாய்ந்துவிடுவதால், முன்சக்கரம் தரையைப் பற்றும் வலு குறைந்துபோகிறது. ஈரமான வண்ணக் கோடுகள் மீதும் இரும்பு மூடிகள் மீதும் நிலை 4, 5-இன் தள்ளுதல் அதைச் சுழலவிட்டுவிடும். வேகம் கூடாமல் திரையின் எண் மட்டும் துள்ளுவது இதன் அடையாளம். உட்கார்ந்தபடியே உடலை முன்னோக்கிச் சாய்த்து, நிலையை ஓரிரண்டு குறைத்து, அந்தக் குறையைக் காலால் ஈடுசெய்யுங்கள். டயரின் காற்று பக்கவாட்டில் குறித்திருக்கும் அளவுக்குள் இருந்து, வரிகளும் தேயாமல் இருந்தால், புதிய டயர் வாங்கவேண்டிய அவசியமில்லை.